பகல் பதினோரு மணிக்கு ஒரு போன்

மூன்று ஷிப்ட் ஓடும் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடிந்து காலை 6 மணிக்கு வெளியே வருபவர், கம்பெனி பஸ்ஸில் வீடு சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டுக் கண்ணயர எட்டரை ஆகிவிடும். 11 மணிக்குப் பகல் ஷிப்ட்காரரிடமிருந்து போன் வருகிறது: "அந்த டை செட்டோட சாவியை எங்கண்ணே வெச்சீங்க?" பேச்சு ஒரு நிமிடம்தான். ஆனால் போன தூக்கம் திரும்புவதில்லை.

இதற்குக் காரணம் சோம்பலோ கோபமோ அல்ல. தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரத்துக்கேற்பச் சேரும் களைப்பு. மற்றொன்று, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். இரவில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். பகலிலோ கடிகாரம் விழிப்பின் பக்கம். உடல் வெப்பமும் ஏறிக்கொண்டிருக்கும். நைட் ஷிப்ட்காரரைத் தூங்கவைப்பது களைப்பு மட்டுமே. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வந்துவிடுவதால், 11 மணிக்குள் அந்தக் களைப்பில் பாதி தீர்ந்திருக்கும். அதன்பின் எழுப்பிவிட்டால் மறுபடி இழுத்துப்போக எதுவும் மிஞ்சுவதில்லை. புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

கணக்கு அன்றிரவு தெரியும். 11 மணிக்கு எழுந்தவர் அதிகாலை 4 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருப்பார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணி நேர விழிப்புக்குப் பின் கை, கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீத மதுவுடன் இருப்பவருடைய அளவுக்குக் குறைகிறது. இந்தியச் சாலைகளில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்படும் வரம்பு 0.03 சதவீதம். போதாததற்கு, உடல் வெப்பம் இறங்கிக் கிடக்கும் நேரமும் ஏறக்குறைய அதே 4 மணிதான். பிரஸ் மெஷினுக்குள் கை போகும் வேலையில் இது சின்ன விஷயமல்ல. அதே மனிதர் பிற்பகல் 2 மணிவரை தூங்கியிருந்தால், ஷிப்ட் முடியும்போதுகூட 16 மணி நேரமே ஆகியிருக்கும்.

கேட்டவருக்கும் இதில் லாபம் குறைவு. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவருக்கு மூளை தெளியக் கால் மணி முதல் அரை மணி நேரமாவது ஆகும். "மூணாவது ரேக்கில்" என்று அவர் உறுதியாகச் சொல்வார். சாவி அங்கே இருக்காது. போனில் பேசியதே பிறகு நினைவில்லாமலும் போகலாம்.

இத்தகைய அழைப்புகளில் பெரும்பாலானவை காலை 6 மணிக்கே தீர்ந்திருக்க வேண்டியவை. ஷிப்ட் மாறும்போது இருவரும் பத்து நிமிடம் மெஷின் பக்கத்தில் நின்று பேசி, சாவி இருக்குமிடம், பாதியில் நிற்கும் வேலை, சத்தம் போடும் பேரிங் ஆகியவற்றை லாக் புத்தகத்தில் எழுதிவிட்டால் போதும். மீதியை 3 மணிக்குமேல் கேட்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது போன் செய்வதைவிட நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். தலைமாட்டில் கிடக்கும் போன் இரண்டுக்கும் ஒலிக்கத்தான் செய்யும். ஆபத்து, விபத்து என்றால் எழுப்பித்தான் ஆக வேண்டும். அப்போதும், முகம் கழுவிவிட்டு அவரே திரும்ப அழைக்கச் சொல்லி, அதன்பின் சொல்லும் பதிலை நம்புவது நல்லது.