அரச சேவையா, தனியார் தொழிலா?

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது எம் முதியோர் வாக்கு. 1984 ஆம் ஆண்டு ஊரைவிட்டுப் பெயர்ந்து, போர் முடிந்தபின் மீளக் குடியேறிய கொக்கிளாய்க் குடும்பங்களுக்கு, மாதம் தவறாத சம்பளமும் முதுமையில் ஓய்வூதியமும் பெருங் கவர்ச்சியாய் இருத்தல் இயல்பே. ஆயினும் அவ்வாசையோடு வயதுக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தல் நன்று.

இலங்கை நிர்வாக சேவை 1963 இல், பழைய சிவில் சேவைக்குப் பதிலாக அமைக்கப்பட்டது. அதன் திறந்த போட்டிப் பரீட்சைக்குப் பட்டம் வேண்டும். உச்ச வயதெல்லை நெடுங்காலமாக 28 ஆக இருந்து வந்தது. அவ்வப்போது வெளிவரும் வர்த்தமானி அறிவித்தலே இதில் இறுதி வார்த்தை. வயதைக் கணிப்பது பரீட்சை நாளன்று அன்று. விண்ணப்ப முடிவுத் திகதியன்று.

உயர்தரத்தில் இருமுறை தோற்றி, 22 வயதிற் பல்கலைக்கழகம் புகுந்து, நான்காண்டுப் பட்டம் பெறும் ஒரு மகனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு வயது 26. எஞ்சியவை இரண்டே ஆண்டுகள். பரீட்சையோ ஆண்டுதோறும் தவறாது நடைபெறுவதில்லை. வேலையின்றி வீட்டிலிருந்தே படித்தால், அறிவித்தல் வராமலே வயது கடந்துவிடலாம்.

அதே மகன் 50,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு கம்பெனியிற் சேர்ந்தானாயின், ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்திலிருந்து 4,000 ரூபாய் கழியும். முதலாளி 6,000 ரூபாய் சேர்ப்பார். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் முதலாளி 1,500 ரூபாய் செலுத்த வேண்டும். ஈராண்டில் முதலாளியின் பங்கு மட்டும் 1,80,000 ரூபாய். பின்னர் ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச பதவி கிடைத்தால், அதனைக் காரணங்காட்டிச் சேமலாப நிதியை மீளப் பெறவும் சட்டம் இடமளிக்கின்றது. ஆதலின் தனியார் தொழிலில் இருந்தவாறே படிப்பது வீண்காலம் ஆகாது. ஆனால் சம்பளத்திற் கழித்த பணத்தைச் செலுத்தாத முதலாளிகளும் உளர். அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டுப் பெற்று, கணக்குக் கூற்றில் மாதாமாதம் பணம் சேர்ந்துள்ளதா என்று பார்ப்பதே அதனை அறியும் வழி; சேரவில்லையேல் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இன்னொரு வாயிலும் உண்டு. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் போன்ற சிறு பதவியில் நிரந்தரமாய்ச் சேர்ந்தவர், உரிய சேவைக்காலமும் தகைமையும் நிறைந்தபின், நிர்வாக சேவையின் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்குத் தோற்றலாம். அதற்குரிய வயதெல்லை இன்னும் மேலே. ஆகவே பெரிய பரீட்சைக்கு மட்டும் காத்திராது, சிறிய பதவிகளுக்கான அறிவித்தல்களுக்கும் உடனுக்குடன் விண்ணப்பிப்பதே விவேகம்.

பதவி கிடைத்த பின்னும் படிப்பு ஓயாது. 2007 யூலைக்குப் பின் அரச சேவையிற் சேர்ந்த தமிழ் அதிகாரி, குறித்த காலத்துள் சிங்களத் தேர்ச்சி பெறுதல் வேண்டும். வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையும் உண்டு. சிங்களத்தைப் பல்கலைக்கழகத்திலேயே கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அரச சேவை, தனியார் தொழில் இரண்டிலும் அது பயன்படும்.

எனவே பெற்றோர் மகனிடம் 'எந்த வேலை?' என்று வினவுமுன், 'இன்னும் எத்தனை முறை தோற்றலாம்? அதுவரை மாத வருவாய் எது?' என்று வினவுவார்களாக.