படிகாரப் படிகத்தின் கன அளவு: இரண்டு கூம்பகங்கள் போதும்

மாணவர்களே, படிகாரத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முகச்சவரம் செய்த பிறகு முடிதிருத்துநர் தாடையில் தேய்க்கும் வெள்ளைக் கட்டி அதுதான். அதை வெந்நீரில் நிறையக் கரைத்து ஆறவிட்டு, நூலில் கட்டிய ஒரு சிறு துண்டை அந்தக் கரைசலில் தொங்கவிட்டால், சில வாரங்களில் கண்ணாடி போன்ற படிகம் வளரும். எட்டு முகங்கள், ஒவ்வொன்றும் சமபக்க முக்கோணம். இந்த வடிவத்தை எண்முகி என்பார்கள்.

இதன் கன அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒழுங்கற்ற கல்லாக இருந்தால் அளவுருளையில் உள்ள தண்ணீருக்குள் போட்டு, நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்போம். படிகாரத்தை அப்படிப் போட முடியாது, கரைந்துவிடும். ஆனால் ஓர் அளவுகோல் இருந்தால் போதும். ஒரே ஒரு விளிம்பை அளந்தாலே கணக்கு முடிந்துவிடும்.

படிகத்தை ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் இருக்குமாறு பிடியுங்கள். நடுவில் நான்கு விளிம்புகள் சேர்ந்து ஒரு சதுரமாகச் சுற்றி வருவது தெரியும். அந்தச் சதுரத்தின் வழியே படிகத்தை இரண்டாக வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பவை ஒரே அளவிலான இரண்டு சதுரக் கூம்பகங்கள். கூம்பகத்தின் கன அளவு உங்களுக்குத் தெரியும்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும்.

விளிம்பு 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு 2 × 2 = 4 ச.செ.மீ. இனி வேண்டியது உயரம் மட்டுமே.

பலர் தவறுவது இங்கேதான். ஒரு முக்கோண முகத்தின் மேல், உச்சியிலிருந்து கீழ்ப்பக்கத்தின் நடுவரை அளவுகோலை வைத்து அளக்கிறார்கள். 1.73 செ.மீ. வரும். அது சாய்வாக இறங்கும் தூரம். கூம்பகத்தின் உயரம் என்பது உச்சியிலிருந்து சதுரத்தின் மையத்துக்கு நேராக இறங்கும் தூரம். அது படிகத்தின் உள்ளே இருப்பதால் அளவுகோல் எட்டாது. பைதாகரஸ் தேற்றம் எட்டும்.

உச்சி, சதுரத்தின் மையம், சதுரத்தின் ஒரு மூலை ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம் படிகத்தின் விளிம்பு, அதாவது 2 செ.மீ. மையத்திலிருந்து மூலைவரை உள்ள தூரம் சதுரத்தின் மூலைவிட்டத்தில் பாதி. மூலைவிட்டம் 2√2, பாதி √2 செ.மீ. ஆகவே உயரத்தின் வர்க்கம் 4 − 2 = 2. உயரம் √2, அதாவது ஏறத்தாழ 1.414 செ.மீ.

ஒரு கூம்பகத்தின் கன அளவு 4 × 1.414 ÷ 3 = 1.885 க.செ.மீ. இரண்டுக்கும் சேர்த்து 3.77 க.செ.மீ.

எண்ணுக்குப் பதிலாக விளிம்பை a என்று எழுதிப் பாருங்கள். அடிப்பரப்பு a². உயரத்தின் வர்க்கம் a² − a²/2 = a²/2; ஆகவே உயரம் a/√2. இரண்டு கூம்பகங்களைச் சேர்த்தால்:

V = 2 × (1/3) × a² × (a/√2) = (√2/3) a³

√2/3 என்பது சுமார் 0.471. எனவே விளிம்பை மூன்று முறை பெருக்கி, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தால் விடை அருகில் வந்துவிடும்.

விடை சரியா என்று தராசைக் கேட்கலாம். படிகாரத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.76 கிராம். ஆகவே நம் படிகம் 3.77 × 1.76 = 6.6 கிராம் இருக்க வேண்டும். சாய்வான தூரத்தை உயரமாக எடுத்திருந்தால் கன அளவு 4.6 க.செ.மீ. என்றும், நிறை 8 கிராமுக்கு மேல் என்றும் வந்திருக்கும். பள்ளி ஆய்வகத் தராசே அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்கைச் சரியாகச் செய்தும் தராசு ஒத்துவரவில்லையா? அப்படியானால் படிகத்தைப் பாருங்கள். இந்தச் சூத்திரம் பன்னிரண்டு விளிம்புகளும் சமமாக இருக்கும் எண்முகிக்கு மட்டுமே பொருந்தும். குவளையின் அடியில் படுத்தபடி வளர்ந்த படிகத்தின் கீழ்ப்பக்கத்துக்குக் கரைசல் சரியாகக் கிடைக்காது, அது தட்டையாகிவிடும். நூலில் தொங்கவிடச் சொன்னது அதனால்தான். எதிரெதிர் முனைகளுக்கு இடையே உள்ள மூன்று தூரங்களையும் அளந்து பாருங்கள். நம் படிகத்தில் ஒவ்வொன்றும் 2.83 செ.மீ. இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும், படிகம் ஒழுங்கான எண்முகி அல்ல. குறை உங்கள் கணக்கில் இல்லை.