நொடிக்கு நொடி வட்டி சேர்த்தால்?

ஒரு லட்சம் ரூபாயை 8 சதவீத ஆண்டு வட்டிக்குப் போடுகிறீர்கள். ஆண்டு முடிவில் ஒரே தடவை வட்டி சேர்த்தால் 1,08,000 ரூபாய் கிடைக்கும். அரையாண்டுக்கு ஒரு தடவை சேர்த்தால் 1,08,160. நம் வங்கிகளின் வைப்புநிதியில் வழக்கமாக இருப்பதுபோல் காலாண்டுக்கு ஒரு தடவை என்றால் 1,08,243. மாதந்தோறும் என்றால் 1,08,300 ரூபாய்க்கு 5 காசு குறைவு. தினமும் என்றால் 1,08,327 ரூபாய் 76 காசு. இப்படியே மணிக்கு, நிமிடத்துக்கு, நொடிக்கு என்று இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனாலும் தொகை 1,08,328 ரூபாய் 71 காசைத் தாண்டாது. இடைவெளியே இல்லாமல் வட்டி அசலோடு சேரும் அந்த எல்லைநிலைக்குத்தான் தொடர் கூட்டு வட்டி என்று பெயர்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்றிருக்கும்போது தொகை மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? வட்டியைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அசல் ஈட்டும் வட்டி 8,000 ரூபாய். இது எப்படிச் சேர்த்தாலும் மாறாது. தொடர் முறையில் இந்த 8,000 ஆண்டு முழுக்கச் சீராக ஊறி வருகிறது. தொடக்கத்தில் பூஜ்யம், கடைசியில் 8,000. ஆக, சராசரியாக 4,000 ரூபாய் ஓராண்டு கணக்கில் கிடந்ததற்குச் சமம். அதற்கு 8 சதவீதம் 320 ரூபாய். இதுதான் வட்டிக்கு வட்டி. இந்த 320 ரூபாயும் சிறுகச் சிறுகச் சேர்ந்ததுதான். அது ஈட்டுவது 8 ரூபாய் 53 காசு. அதற்கும் வட்டி 17 காசு. அடுத்தது ஒரு காசுகூட இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 1,08,328.71 வந்துவிடுகிறது.

அரையாண்டு முறையில் நடப்பதை இதோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு மாத வட்டியான 4,000 மட்டும் அடுத்த ஆறு மாதம் உழைக்கிறது. அது ஈட்டுவது 160. கிடைக்கக்கூடிய 320இல் சரிபாதி. காலாண்டு முறை 240 ரூபாயைப் பிடிக்கிறது, மாத முறை 293 ரூபாயை. தடவைகளை இரட்டிப்பாக்கினால், எல்லையிலிருந்து இருக்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது. முதல் சில பிரிப்புகளிலேயே பெரும்பங்கு வந்துவிடுவதால்தான் தினசரிக் கணக்குக்கும் தொடர் கணக்குக்கும் வித்தியாசம் வெறும் 95 காசு.

இந்தக் கேள்வியை 1690இல் எழுப்பியவர் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி. வட்டி 100 சதவீதமாக இருந்தால், ஒரு ரூபாய் ஓராண்டில் என்னவாகும்? மேலே பார்த்த அதே பிரிப்பு இங்கே 1 + 1 + 1/2 + 1/6 + 1/24 என்று தொடர்கிறது. முதல் மூன்றைக் கூட்டினாலே இரண்டரை. மீதியெல்லாம் சேர்ந்தாலும் அரையை எட்டாது. ஏனென்றால் அவை 1/4, 1/8 என்று பாதி பாதியாகக் குறையும் தொடரைவிடச் சிறியவை. ஆகவே விடை இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டும். துல்லியமாகச் சொன்னால் 2.71828… பிற்பாடு ஆய்லர் இந்த எண்ணுக்கு e என்ற எழுத்தை வைத்தார்.

100 சதவீதத்துக்கு வந்த எண் 8 சதவீதத்துக்கு எப்படி உதவும்? தொடர் முறையில் வட்டி சேரும் தேதி என்று ஒன்று கிடையாது. எனவே 8 சதவீதத்தில் ஓராண்டு வளர்வதும், 100 சதவீதத்தில் 0.08 ஆண்டு, அதாவது ஏறக்குறைய 29 நாள், வளர்வதும் ஒன்றே. அதனால் பெருக்கம் e-இன் 0.08ஆம் அடுக்கு, அதாவது 1.083287. பொதுவாக, P என்ற அசல் r விகிதத்தில் t ஆண்டுகளில் ஆகும் தொகை:

A = P·e^(rt)

பள்ளியில் அடுக்குக்குறிச் சார்பு என்று படித்தது இதைத்தான். எந்தக் கணத்திலும் அது வளரும் வேகம், அந்தக் கணத்தில் அது இருக்கும் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முதல் ஆண்டு 8, அடுத்த ஆண்டு 6 சதவீதம் என்றால் அடுக்குகளைக் கூட்டி e^0.14 என்று எழுதிவிடலாம். ஆண்டுக் கூட்டு முறையில் 1.08ஐ 1.06ஆல் பெருக்கியாக வேண்டும். நிதிச் சந்தையில் ஆப்ஷன் விலை கணக்கிடுபவர்கள் தொடர் வட்டியை விரும்புவதற்கு இந்தக் கூட்டல் வசதி ஒரு முக்கியக் காரணம்.

வைப்பு போடுபவருக்கு இதில் எச்சரிக்கையான ஒரு செய்தி உண்டு. 8 சதவீதத்தில் கணத்துக்குக் கணம் வட்டி சேர்க்கும் நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு வங்கி 8.1 சதவீதத்தைக் காலாண்டுக்கு ஒரு தடவைதான் சேர்க்கிறது. ஓராண்டில் வங்கி தருவது 1,08,349 ரூபாய். அந்த நிறுவனத்தைவிட 20 ரூபாய் அதிகம். விகிதம் மிகுந்தால் நிலைமை வேறு. மாதம் 3 சதவீதம் என்று ஏறும் கடன், கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 36 சதவீதத்தோடு நிற்காது. மாதக் கூட்டில் 42.6, தொடர் கூட்டில் 43.3. இங்கேயும் தொடர் முறையால் கூடுவது முக்கால் சதவீதம்தான்; மாதந்தோறும் சேர்ப்பதாலேயே ஆறரை சதவீதம் ஏறிவிட்டது.