நல்லாயிருக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்

தலைவலி என்று விடுப்புச் சொல்பவரை நம் அலுவலகங்கள் எளிதில் நம்புவதில்லை. "தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வரலாமே" என்பார்கள். இதற்குப் பயந்தே மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உள்ள பலர் காரணத்தை மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு மாதம் காய்ச்சல், அடுத்த மாதம் வயிற்றுப்போக்கு, அதற்கடுத்து ஊரிலிருந்து வந்த உறவினர். ஆனால் ஒரே காரணம் நாலு முறை வந்தால்தான் மேலாளருக்கு அது நோயாகத் தெரியும். நாலு காரணங்கள் வந்தால் சாக்காகத்தான் தெரியும்.

மைக்ரேனின் இயல்பும் இந்தச் சந்தேகத்துக்குத் துணைபோகிறது. மருந்து எடுக்காவிட்டால் வலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். குமட்டல் இருக்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. சிலருக்கு வலிக்கு முன்பே கண்ணுக்குள் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தெரியும், பேச வார்த்தை தடுமாறும். விட்ட பிறகு ஒரு நாள் அசதி இருந்தாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு ஆள் நன்றாகவே இருப்பார். நேற்றுப் படுத்துக்கிடந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது.

ஆகவே வலி வந்த காலையில் கைப்பேசித் திரையின் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொண்டு நீண்ட விளக்கம் எழுதுவது வீண் பாடு. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் நேரில் சொல்லி வைப்பதே சரி.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மாதம் ஒருமுறை மைக்ரேன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை நெருக்கடி இல்லாத ஒரு மதியம் அவர் மேலாளரிடம் இப்படிச் சொல்லலாம்: "சார், ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். எனக்கு மைக்ரேன் இருக்கு, டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டிருக்கேன். மாசத்துல ஒரு தடவை வரும், வந்தா அன்னிக்கு ஸ்கிரீனைப் பார்க்க முடியாது. மறுநாள் வந்துடுவேன். அப்படி வந்தா ஒரு வரி மெசேஜ் போடறேன் சார். ஜிஎஸ்டி வேலையை 20-ஆம் தேதி வரைக்கும் இழுக்காம 17-க்குள்ள முடிச்சு வெச்சுடறேன்."

இதில் நோயின் பெயர், எவ்வளவு அடிக்கடி வரும், வந்தால் எது முடியாது, வேலைக்கு என்ன ஏற்பாடு என்ற நான்கும் இருக்கின்றன. மேலாளருக்கு இவ்வளவு போதும். என்ன மாத்திரை, அம்மாவுக்கும் உண்டா, மாதவிடாயோடு வருகிறதா என்பதெல்லாம் மருத்துவரிடம் பேச வேண்டியவை. நான்காவது விஷயத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. மேலாளரின் கவலை பெரும்பாலும் வேலை நின்றுவிடுமோ என்பதுதான்.

பிறகு வலி வரும் நாளில் செய்தி சுருங்கிவிடும்: "சார், மைக்ரேன். இன்னிக்கு லீவ். வவுச்சர் எல்லாம் பக்கத்து சீட் அக்காகிட்ட இருக்கு. நாளைக்கு வந்துடுவேன்." இதையே கைப்பேசியில் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் அன்று அனுப்பினால் மட்டும் போதும்.

சொல்லிவிட்டதாலேயே எல்லா விடுப்பும் கிடைத்துவிடாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. மாதம் ஒரு நாள் என்றால் அதுவே சரியாகிவிடும். காய்ச்சலுக்கு மிச்சம் இருக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் மைக்ரேன் பெயர் இல்லை என்பதால், அந்தப் பெயரைச் சொல்லிச் சலுகை கேட்கவும் வழியில்லை. மருத்துவரின் கடிதம் ஒன்றைக் கோப்பில் வைத்துவிட்டால், மேலாளர் மாறினாலும் புதியவரிடம் பேச்சைத் தொடங்க அது உதவும்.

சொன்ன கணக்கு மாறினால் மறுபடி பேச வேண்டும். மாதம் ஒன்று என்றது நாலானால் மேலாளருக்கு முன் மருத்துவரிடம் போங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், கூட்டு மாத்திரையை 10 நாள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. திடீரென்று இடி விழுந்தாற்போல் வந்த வலி, கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஐம்பது வயதுக்குமேல் முதன்முறையாக வரும் தலைவலி ஆகியவற்றை 'வழக்கமான மைக்ரேன்தான்' என்று ஒரு வரிச் செய்தியில் முடித்துவிடாதீர்கள். அன்று போக வேண்டிய இடம் மருத்துவமனை.