ஆள் தேடாத விளம்பரங்கள்

சென்னையில் நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்த ஒரு பெண் அக்டோபர் மாதம் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லிங்க்ட்இன்னில் "Reposted 3 days ago" என்று இருக்கிறது. கம்பெனி பெரியது, சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும். இதற்கேற்ப ரெஸ்யூமேயைத் திருத்தி, பழைய ப்ராஜெக்ட்களை வரிசை மாற்றி, ஒரு கடிதமும் எழுதினால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். அந்த மாலையைச் செலவு செய்வதற்கு முன் அவர் பார்க்க வேண்டியது "Reposted" என்ற சொல்லைத்தான்.

மூன்று நாள் முன்பு வந்த விளம்பரம் என்று அதற்குப் பொருளில்லை. பழைய விளம்பரத்தை மூன்று நாள் முன்பு மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் எப்போது போட்டார்கள் என்பதை லிங்க்ட்இன் அங்கே காட்டாது. ஆனால் கம்பெனியின் சொந்த கேரியர்ஸ் பக்கம் பல நேரம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வேலை விளம்பரங்களைத் தன் தேடலில் சேர்ப்பதற்காக, பக்கத்தின் உள்ளே தேதியைக் குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் எழுதச் சொல்கிறது கூகுள். வாசகர் கண்ணில் படாத இடம் அது. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, Ctrl+U அழுத்தி, வரும் எழுத்துக் குவியலுக்குள் Ctrl+F போட்டு datePosted என்று தேடினால் இப்படி ஏதாவது கிடைக்கும்:

```
"@type": "JobPosting",
"datePosted": "2025-02-17",
"validThrough": "2025-12-31"
```

பிப்ரவரியில் போட்ட விளம்பரம் அக்டோபரிலும் உயிரோடு இருக்கிறது. எட்டு மாதமாக ஒரு டெஸ்டர் கிடைக்கவில்லை என்பதைச் சென்னையில் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் ஓட்டை உண்டு. சில மென்பொருள்கள் மறுபதிவு செய்யும்போதே இந்தத் தேதியையும் புதிதாக மாற்றிவிடும். வேலைகளைத் திரட்டிப் போடும் தளங்களில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் நகலெடுத்த தேதி. ஆகவே பழைய தேதி வந்தால் நம்பலாம். புதிய தேதி வந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அப்போது விளம்பரத்தின் பதிவு எண் உதவும். பெரிய கம்பெனிகளின் பக்கங்களில் ஒவ்வொரு பணியிடத்துக்கும் R அல்லது JR என்று தொடங்கும் எண் இருக்கும். எண்கள் பொதுவாக ஏறுவரிசையில் போகும். அதே பக்கத்தில் இந்த வாரம் வந்த மற்ற வேலைகளெல்லாம் 48 ஆயிரத்தில் இருக்க, இது மட்டும் 39 ஆயிரத்தில் இருந்தால் அதன் வயது தெரிந்துவிடும்.

பழையது என்பதாலேயே அது மோசடி ஆகிவிடாது. பணம் பறிக்கும் போலி வேலை வேறு கதை. இங்கே கம்பெனி உண்மை, அந்தப் பதவியும் உண்மை. ஆளை எடுக்கும் எண்ணம்தான் இப்போதைக்கு இல்லை. அமெரிக்காவில் இதை 'கோஸ்ட் ஜாப்' என்கிறார்கள், பேய் வேலை. ஆளெடுப்பு மென்பொருள் விற்கும் கிரீன்ஹவுஸ் என்ற நிறுவனம் தன் தளத்தில் வந்த விளம்பரங்களை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு காலாண்டிலும் 18 முதல் 22 விழுக்காடு இந்த வகையில் விழுந்தது. ஐந்தில் ஒன்று என்று சொல்லலாம்.

காரணங்கள் பல நேரம் சலிப்பூட்டுபவை. பட்ஜெட்டை நிறுத்திவைத்திருப்பார்கள், விளம்பரத்தை இறக்க யாருக்கும் தோன்றியிருக்காது. அல்லது உள்ளேயே ஒருவரை முடிவு செய்துவிட்டு, விதிக்காக வெளியிலும் அறிவித்திருப்பார்கள். வளர்கிற கம்பெனி என்று காட்டிக்கொள்ளப் போடுபவர்களும் உண்டு.

இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியது எவர்கிரீன் விளம்பரம். ஆட்கள் வந்தபடியும் போனபடியும் இருக்கும் கால் சென்டர், மருத்துவமனை நர்ஸ், கடை விற்பனை போன்ற வேலைகளுக்கு ஒரே விளம்பரத்தை வருடம் முழுக்கத் திறந்து வைப்பார்கள். ஆளெடுப்பு மென்பொருளான வொர்க்டேயில் 'எவர்கிரீன் ரெக்விசிஷன்' என்று இதற்குத் தனி வகையே இருக்கிறது. ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் இதன் முகம் கொஞ்சம் வேறு. ப்ராஜெக்ட் இன்னும் கைக்கு வந்திருக்காது. வந்தால் நிரப்ப ஆள் வேண்டுமே என்று ரெஸ்யூமேக்களைச் சேர்த்து வைப்பார்கள். "ஜாவா அல்லது பைத்தான், 3 முதல் 12 வருட அனுபவம், சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே" என்று ஓடும் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த ரகம். 3 வருடக்காரரும் 12 வருடக்காரரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது. அங்கே நாற்காலியே இல்லை, வலைதான் விரித்திருக்கிறார்கள்.

நிஜமான காலியிடத்தின் வாசகம் வேறு மாதிரி இருக்கும். எந்தக் குழு, யாருக்குக் கீழே, எந்த ஊர் என்று இருக்கும். "பேமென்ட் குழுவில் மேனுவல் டெஸ்டிங்கை ஆட்டோமேஷனுக்கு மாற்ற வேண்டும்" என்பது போல, ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய ஒரு வரியாவது கிடைக்கும். எவர்கிரீன் விளம்பரத்தை யாரும் யோசித்து எழுதுவதில்லை. அதன் ஒரு வரியை எடுத்துத் தேடினால் அதே கம்பெனியின் வேறு நான்கு விளம்பரங்களில் அப்படியே வந்து நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் கேட்டுவிடலாம். லிங்க்ட்இன்னில் விளம்பரத்தைப் போட்டவர் பெயர் இருந்தால் அவருக்கு மூன்று வரி போதும். "வணக்கம் சார், இந்த இடம் புதிதாக உருவானதா, ஒருவர் போனதால் வந்ததா? எந்த மேனேஜர் குழுவுக்கு? இன்டர்வியூ தொடங்கிவிட்டதா?" காலியிடம் கையில் உள்ளவருக்கு முதல் கேள்விக்குப் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாம். "ப்ரொஃபைல் அனுப்புங்க மேடம், க்ளையன்ட் ரிக்வயர்மென்ட் வந்ததும் கூப்பிடறேன்" என்று பதில் வந்தால் அது சேர்த்து வைக்கும் கணக்கு. பதிலே வராததற்கு மட்டும் அர்த்தம் தேட வேண்டியதில்லை. நிஜ வேலை வைத்திருப்பவர்களும் பாதிப் பேர் பதில் போடுவதில்லை.

தமிழர்கள் நிறைய வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் காலியிடம் உண்டா என்ற கேள்விக்குச் சட்டமே பதில் கேட்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், இப்போது உண்மையில் காலியாக உள்ள இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறார்களா இல்லையா என்பதைப் பொது விளம்பரத்திலேயே எழுத வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது நடைமுறை. காலியிடம் இல்லாமல் விளம்பரம் போடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, மறைப்பதைத்தான் தடுக்கிறது. இன்டர்வியூவுக்கு வந்தவருக்கு முடிவு பற்றி 45 நாளுக்குள் சொல்லவும் வேண்டும். இந்தியாவில் விண்ணப்பிப்பவருக்கு Ctrl+U தான் துணை.

மீண்டும் அந்த டெஸ்டரிடம் வருவோம். பிப்ரவரி தேதி, நான்கு ஊர்கள், 3 முதல் 12 வருடம் என்று எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. அவர் விண்ணப்பிக்காமல் விட வேண்டியதில்லை. ப்ராஜெக்ட் வந்தால் முதலில் தேடுவது அந்தக் குவியலுக்குள்தான். தன் வழக்கமான ரெஸ்யூமேயில் கருவிகளின் பெயர்களும் நோட்டீஸ் பீரியடும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறார். மிச்ச மாலை, பெருங்குடியில் ஒரு சின்ன கம்பெனி நான்கு நாள் முன்பு போட்ட விளம்பரத்துக்குப் போகிறது. அதில் மேனேஜரின் பெயரே இருக்கிறது.