கடை ஊழியருக்கு விற்பனை இலக்கு வைக்கலாமா?

நம் ஜமாஅத்தில் ஜவுளிக்கடை நடத்தும் சிலர், ஊழியருக்கு மாத இலக்கு வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் தனி இலக்கு வைத்தால், அதை எட்டுவதற்காகக் கறை பட்ட துணியையும் மறைத்து வாடிக்கையாளர் தலையில் கட்டத் தோன்றும். ஆகவே கடை முழுவதற்கும் ஒரே இலக்கு வைக்கச் சொல்கிறோம்.

மூன்று ஊழியர் உள்ள கடையை எடுத்துக்கொள்வோம். பெருநாள், தீபாவளி மாதங்களை விட்டுவிட்டு, சாதாரண மூன்று மாத விற்பனையின் சராசரி 4,00,000 ரூபாய் என்றால், இலக்கு 4,20,000 போதும். கூடுதலான 20,000 ரூபாய் விற்பனையில் நூற்றுக்கு 15 வீதம் லாபம் நின்றால் 3,000 ரூபாய். அதில் பாதியை ஆளுக்கு 500 ரூபாயாக ஊக்கத்தொகை தரலாம்.

வாங்கியவர் துணியைத் திருப்பித் தந்தால், அந்தத் தொகையை விற்பனைக் கணக்கில் கழித்துவிடுங்கள். வற்புறுத்தி விற்பதில் பயனில்லை என்பது ஊழியருக்கே புரியும். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் விற்பனை ஏறி, அடுத்த மாதத் தொடக்கத்தில் திருப்பித் தருவோர் கூடினால், இலக்கு அதிகம் என்று அறிந்து குறைத்துவிடுங்கள்.

கூலியை முன்பே பேசி முடிப்பது மார்க்க விதி. எனவே ஊக்கத்தொகையையும் மாதம் பிறக்கும்போதே சொல்லிவிடுங்கள். இலக்கு எட்டாவிட்டால் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.