சுருதி இறங்கினாலும் தாள் மாறாது

1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசிப்பவர்களுக்குப் பாட்டு என்னவென்று தெரிவதே பெரும்பாலும் உள்ளே போன பிறகுதான். எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னணி பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மேத்யூஸ், தங்கள் குரல்களுக்கான குறிப்புகளை எண்களாக எழுதி வைத்துக்கொண்டார். சார்லி மெக்காய் அதைக் கார்டுகளுக்கு, அதாவது பாட்டின் அடியில் சேர்ந்தொலிக்கும் சுரக்கொத்துகளுக்கு, எடுத்துக்கொண்டார். மற்ற வாத்தியக்காரர்களிடமும் அது பரவியது.

நம் ஊரில் பாடகரின் சுருதி எதுவானாலும் 'ச' என்பது 'ச'தான். இங்கே அந்த இடத்தில் 1. ஜி சுருதியில் ஜி 1, ஏ 2, பி 3, சி 4, டி 5, ஈ 6. எண்ணை மட்டும் எழுதினால் மேஜர். பக்கத்தில் சிறு கோடு போட்டால் மைனர். ஓர் எண் ஒரு தாளவட்டம். எட்டு வட்டம் இப்படி:

```
1  1  4  1
6- 4  5  5
```

ஜி-யில் இதை வாசித்தால் முதல் வரி ஜி, ஜி, சி, ஜி. இரண்டாவது ஈ மைனர், சி, டி, டி. பாடகியின் குரல் மேலே எட்டவில்லை, ஈ-க்கு இறக்கலாம் என்கிறார்கள். தாளில் ஒரு எழுத்தும் மாறாது. 1 இப்போது ஈ, 4 ஏ, 5 பி, 6- சி ஷார்ப் மைனர். பழைய முறையில் எழுதியிருந்தால், ஆளாளுக்கு அத்தனை கார்டையும் அடித்து எழுதவேண்டும்.

தாள் மாறாவிட்டாலும் கை மாறத்தான் வேண்டும். ஜி-யிலிருந்து ஏ-க்கு ஏற்றினால் கிதார்காரர் இரண்டாவது கட்டத்தில் கேப்போ மாட்டி, பழைய விரல்களோடே வாசித்துவிடுவார். இறக்குவதற்குக் கேப்போ உதவாது. ஈ-க்கு வர, அதே இரண்டாவது கட்டத்தில் கேப்போ வைத்து டி-யின் விரல்களைப் பிடிப்பது ஒரு வழி. ஆனால் ஜி-யில் திறந்த கம்பிகளை நம்பி அமைத்த அலங்கார வரி அங்கே அப்படியே வராது.

தவறு நேர்வது பெரும்பாலும் சின்னக் குறிகளில்தான். ஒரே வட்டத்தில் இரண்டு கார்டு வந்தால் இரண்டு எண்களுக்கும் அடியில் ஒரே கோடு இழுப்பார்கள். அவசரத்தில் அந்தக் கோடு விட்டுப்போனால், படிப்பவர் இரண்டு வட்டமாக நீட்டிவிடுவார். அடுத்த வரியில் அவர் மட்டும் ஒரு வட்டம் பின்தங்கியிருப்பார். எண்ணைச் சுற்றி வைரக்கட்டம் போட்டிருந்தால் ஒருமுறை தட்டி, வட்டம் முழுக்க ஒலிக்கவிட வேண்டும்.

மைனர் பாட்டில்தான் பெரிய சிக்கல். ஏ மைனர் பாட்டைச் சிலர் சி-யை 1 ஆக வைத்து, வீட்டுக் கார்டை 6- என்று எழுதுவார்கள். சிலர் ஏ-யையே 1- என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் எது 1 என்று தாளின் தலையில் எழுதவில்லையென்றால், முதல் கார்டிலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.